அரை மணி தமிழ், அரை மணி சிங்களம்

எங்கள் வீட்டிலிருந்து நான்கு வீடு தள்ளி ஒரு சிங்கள அக்கா இருக்கிறார். பிரதேச செயலகமொன்றில் வேலை செய்கிறார். அரச ஊழியர்கள் மற்ற அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்பதால் அவர் தமிழ் படிக்கிறார். எழுத்தை ஓரளவு வாசிப்பார். ஆனால் கருமபீடத்தின் முன் வந்து நிற்கும் ஒரு வயதான தாய் தமிழில் கேள்வி கேட்டால் பதில் சொல்ல வாய் வராது என்பார். எனக்கும் அதே நிலைதான், மொழி மட்டும் மாறி. உம்மும்மாவை மாதாந்தம் கிளினிக்குக்குக் கூட்டிப் போவது நான். டொக்டரிடம் வருத்தத்தைச் சிங்களத்தில் எடுத்துச் சொல்ல வேண்டியதும் நான்.

ஆகவே சனிக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் எங்கள் முன் விறாந்தையில் இருந்து கதைக்கிறோம். அரை மணி தமிழ், அரை மணி சிங்களம். இந்த முறைக்கு ‘டேன்டம்’ என்று பெயர். இருவர் சேர்ந்து மிதிக்கும் சைக்கிளின் பெயர் அது. 1960களின் பிற்பகுதியில் பிரெஞ்சு, ஜேர்மன் இளைஞர்களின் சந்திப்புகளில் இது வளர்ந்தது. ஒருவர் ஆசிரியர், மற்றவர் மாணவர் என்பதில்லை; இருவரும் சம அளவு கொடுத்து, சம அளவு எடுக்க வேண்டும். அதற்காகத்தான் நாங்கள் மணிக்கூட்டை முன்னே வைக்கிறோம். வைக்காவிட்டால் யாருடைய மொழி இருவருக்கும் இலகுவோ அந்த மொழியே முழு நேரத்தையும் விழுங்கிவிடும். முதல் அரை மணி எந்த மொழி என்பதையும் வாரத்துக்கு வாரம் மாற்றுகிறோம். பிந்தி வரும் மொழிக்குக் களைத்த மூளையே மிஞ்சும் அல்லவா?

கதைப்பது இலகு. திருத்தச் சொல்லிக் கேட்பதுதான் கஷ்டம். “பிழை இருந்தால் திருத்துங்கோ” என்று பொதுவாகச் சொன்னால் இரண்டில் ஒன்று நடக்கும். மற்றவர் மரியாதை பார்த்து ஒன்றையுமே திருத்தமாட்டார். அல்லது ஒவ்வொரு சொல்லிலும் நிறுத்துவார், கதை செத்துவிடும். முதல் வாரங்களில் அக்கா ஒரு வாக்கியத்தைப் பிழையாகச் சொன்னால் நான் அதையே சரியாகத் திருப்பிச் சொல்வேன். அவர் “ஓ, ஓ” என்று தலையாட்டிவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுவார். அவர் காதில் அது திருத்தமாக விழவில்லை, நான் ஆமோதிப்பதாகவே விழுந்தது. கனடாவில் பிரெஞ்சு மொழியில் பாடம் நடக்கும் வகுப்புகளை ஆராய்ந்து லிஸ்டர், ரன்டா என்ற இருவர் 1997இல் எழுதிய கட்டுரையும் இதையே சொல்கிறது. ஆசிரியர்கள் கூடுதலாகக் கையாண்ட முறை, பிள்ளையின் வாக்கியத்தைச் சரியாகத் திருப்பிச் சொல்வதுதான். பிள்ளைகள் மிகக் குறைவாகப் பதில் காட்டியதும் அதற்குத்தான்.

அதனால் நாங்கள் மூன்று விடயங்களைப் பேசி வைத்துக்கொண்டோம். முதலாவது, ஒரு நாளைக்கு ஒரே ஒரு வகைப் பிழையைத்தான் திருத்துவது. எதைத் திருத்த வேண்டும் என்பதைக் கேட்பவரே தொடங்கும்போது சொல்ல வேண்டும். இரண்டாவது, அந்தப் பிழை வந்தால் மற்றவர் ஒரு விரலை மட்டும் உயர்த்துவார், விடையைச் சொல்லமாட்டார். பேசுபவர் தானே ஒருமுறை திருத்திப் பார்ப்பார், வராவிட்டால்தான் விடை. விடை கிடைத்த பின் முழு வாக்கியத்தையும் ஒருமுறை தன் வாயால் சொல்லிவிட்டே கதையைத் தொடர வேண்டும். மூன்றாவது, மற்றப் பிழைகளை ஒரு துண்டுக் கடதாசியில் குறித்து வைப்பது. ஐந்துக்கு மேல் இல்லை. அரை மணியின் கடைசி ஐந்து நிமிடம் அதற்கு. ஒன்றுக்கு மட்டும் விதிவிலக்கு: பொருளே மாறிப்போனால் உடனே நிறுத்தலாம்.

ஒரு சனிக்கிழமை நடந்ததைச் சொன்னால் இது விளங்கும். அன்று அக்கா வேலைத்தலத்தில் நடந்ததைத் தமிழில் சொன்னார். “அந்த அம்மா நேற்று வந்தேன். பிறப்பு அத்தாட்சிப்பத்திரம் கேட்டேன்.” வந்தது யார், கேட்டது யார்? கேட்பவருக்கு அக்காவே போய்க் கேட்டது போல இருக்கும். இந்தப் பிழைக்குக் காரணம் இருக்கிறது. பேச்சுச் சிங்களத்தில் ‘மம ஆவா’ என்றால் நான் வந்தேன், ‘எயா ஆவா’ என்றால் அவர் வந்தார். ஆள் மாறினாலும் வினை மாறாது. தமிழிலோ வினையின் வாலில்தான் ஆள் இருக்கிறார். அன்றைக்கு அக்கா கேட்டுக்கொண்ட திருத்தமும் அந்த வால்தான். நான் விரலை உயர்த்தினேன். கொஞ்சம் யோசித்து, “அந்த அம்மா வந்தாங்க. அத்தாட்சிப்பத்திரம் கேட்டாங்க” என்றார். பிறகு கதை ஓடியது. அந்தத் தாய் பழைய பிரதி கொண்டுவந்தாரா, எந்த ஊரில் பதிந்தார் என்றெல்லாம் நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு பதிலிலும் ‘தாங்க’ வந்தாக வேண்டும். திருத்தியது ஒருமுறை, அதன் பின் பத்துத் தடவை பாவித்தாயிற்று. கேள்வி கேட்பவர் அதே அமைப்பு மறுபடி மறுபடி வரும்படி கேட்பதுதான் திருத்தத்தின் மறுபாதி.

கடதாசியில் அன்று இருந்தது ஒன்றே ஒன்று: பள்ளி. சிங்கள எழுத்தில் லகரமும் ளகரமும் வேறுவேறாக இருந்தாலும் பேச்சில் இரண்டும் ஒன்றாகவே ஒலிக்கும். அதனால் “பள்ளிக்குப் பக்கத்தில” என்று அவர் சொல்லும்போது எங்கள் காதில் பல்லி ஓடுகிறது! ஒலிப் பிழையை இலக்கணம் போல விளக்கித் திருத்த முடியாது. அதற்கு ஒரு சின்ன விளையாட்டு இருக்கிறது. ஒரு தாளில் பள்ளிவாசலையும் பல்லியையும் வரைகிறோம். முதலில் நான் ஒன்றைச் சொல்வேன். அவர் காதில் விழுந்ததைத் தொட்டுக் காட்டுவார். அவர் பத்துக்கு எட்டாவது சரியாகத் தொட்ட பிறகுதான் முறை மாறும். அவர் சொல்லுவார், நான் தொடுவேன். அவர் பள்ளி என்று நினைத்துச் சொல்ல என் விரல் பல்லியில் போய் நின்றால், வேறு திருத்தம் தேவையில்லை. காதுக்குப் பிடிபடாத ஒலி வாய்க்கும் பெரும்பாலும் இலகுவில் வராது என்பதால் கேட்பது முதலில் வருகிறது. என் பக்கத்துக்கும் இதே விளையாட்டு உண்டு. சிங்களத்தில் மஞ்சளுக்கும் மரத்துக்கும் உள்ள சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டும் ‘கஹ’தான். மஞ்சளுக்குக் ‘கல்’லில் வரும் க, மரத்துக்கு ‘கங்கை’யின் தொடக்கத்தில் நாம் சொல்லும் மெல்லிய க.

சிங்கள அரை மணியில் என் பிரச்சினை வேறு: சொல் கிடைக்காமல் வாய் நின்றுவிடுவது. அப்போது தமிழுக்குத் தாவாமல் கதையைக் கொண்டுபோக வழி வேண்டும். ஒரு சில வாக்கியங்களை மட்டும் மனனமாக வைத்திருக்கிறேன். ‘வெரதுனொத் ஹதலா தென்ன’ - பிழைத்தால் திருத்தித் தாருங்கள். ‘ஹெமின் கியன்ன’ - மெதுவாகச் சொல்லுங்கள். ‘ஏகட மொகக்த கியன்னே?’ - அதற்கு என்ன சொல்வது? இந்தக் கடைசி வாக்கியம்தான் பெரிய உதவி. ஏனென்றால் சொல்லைக் கேட்கும் நேரத்திலும் நான் சிங்களத்தில்தான் இருக்கிறேன்.

உம்மும்மாவின் கால் வீங்கியிருந்த வாரம், டொக்டரிடம் சொல்ல வேண்டியதை அக்காவிடம் சொல்லிப் பார்த்தேன். ‘ஆச்சிகே ககுல ரிதெனவா’, அதாவது உம்மும்மாவின் கால் நோகிறது என்பது வரை வந்தது. வீக்கத்துக்குச் சொல் தெரியாது. தெரிந்த சொற்களால் சுற்றிப் போனேன்: ‘ககுல லொகு வெலா’ - கால் பெரிதாகிவிட்டது. அக்காவுக்கு உடனே விளங்கியது. “இதிமிலாத?” என்று கேட்டார். ‘இதிமிலா’ என்றால் வீங்கியிருக்கிறது. முழு வாக்கியத்தையும் ஒருமுறை சொன்னேன்: ‘ஆச்சிகே ககுல இதிமிலா.’ எப்போதிருந்து, எந்தக் கால், நடக்க முடிகிறதா என்று அக்கா டொக்டரைப் போலவே கேட்டார். ஒவ்வொரு பதிலிலும் அந்தச் சொல் திரும்பி வந்தது. அகராதியில் தேடியிருந்தால் சொல் கிடைத்திருக்கும், ஆனால் கதை நின்றிருக்கும். சுற்றிச் சொல்வதில் இன்னொரு நன்மையும் உண்டு: எங்கு சொல் இல்லை என்பது மற்றவருக்குச் சரியாகத் தெரிந்துவிடுகிறது.

இந்த முறையால் முடியாததும் உண்டு. தாய்மொழி பேசுபவருக்கு எது சரி என்று தெரியும்; ஏன் சரி என்று தெரிய வேண்டியதில்லை. “ஏன் இப்படி?” என்று கேட்டால் அவர் அந்த இடத்திலேயே ஒரு விதியைக் கற்பனை செய்து சொல்லக்கூடும். “இந்த இரண்டில் நீங்கள் எதைச் சொல்வீர்கள்?” என்று கேட்டால் நம்பத்தகுந்த பதில் கிடைக்கும். ஏன் என்ற கேள்வி எங்கள் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஆசிரியைக்காகக் காத்திருக்கும். எந்தத் தமிழ், எந்தச் சிங்களம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பாடப்புத்தகச் சிங்களத்தில் ‘மம யமி’. வீட்டில் ‘மம யனவா’. அக்காவின் புத்தகத்தில் ‘இருக்கிறது’. எங்கள் தெருவில் ‘ஈக்கிது’. அவருடைய கருமபீடத்துக்கு வருபவர்கள் இரண்டாவதைத்தான் சொல்வார்கள். அதனால் அவர் ‘ஈக்கிது’வைக் கேட்டு விளங்கிக்கொள்ளவும், தான் பேசும்போது ‘இருக்குது’ என்று சொல்லவும் பழகுகிறார்.

பலன் இருக்கிறதா என்பதை எப்படி அறிவது? துண்டுக் கடதாசிகளை நாங்கள் எறிவதில்லை. திகதி போட்டுக் கொப்பியில் ஒட்டி வைக்கிறோம். ஒரே பிழை மூன்று வாரமாகத் தொடர்ந்து இருந்தால், அடுத்த வாரம் அதையே திருத்த வேண்டிய பிழையாக எடுக்கிறோம். ஒரு பிழை போகத் தொடங்கிவிட்டது என்பதற்கு அடையாளம், அது மறைந்துபோவதல்ல. பேசுபவர் நடுவில் தானே நின்று திருத்திக்கொள்வதுதான். சென்ற வாரம் அக்கா, “அவங்க வந்தே... வந்தாங்க” என்றார். என் விரல் பாதி வழியில் இருந்தது. பேசாமல் அதை மடக்கிக்கொண்டேன்.