எட்டு எழுத்து ஊர்

சிம்லாவில் அன்று மாலை பெய்த மழை ஓய்ந்திருந்தது. விடுதியின் உணவுக்கூடத்தில், சாளரத்தை ஒட்டிய மேசையைச் சுற்றி ஐவர் அமர்ந்திருந்தனர். தில்லியில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற தந்தை, தாய், மகன், மருமகள், எட்டு வயதுப் பேத்தி. பெற்றோருக்குத் திருமணமாகி நாற்பது ஆண்டுகள் நிறைந்த நாள் அது. 2023ஆம் ஆண்டின் கோடை விடுமுறையில் மகனே அவர்களை இங்கு அழைத்து வந்திருந்தான்.

கால்காவிலிருந்து சிறிய மலைத் தொடர்வண்டியில் வந்தார்கள். தொண்ணூற்றாறு கிலோமீட்டர்தான், ஆயினும் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. வழியில் உள்ள நூற்றுக்கும் மேற்பட்ட குகைப்பாதைகளைத் தந்தை விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். பாரோக் குகையில், ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீண்ட இருட்டில், எண்ணிக்கை தவறிப்போயிற்று. அதைப் பற்றி அவர் இன்னும் குறைபட்டுக்கொண்டிருந்தபோது மகன் எழுந்து நின்றான்.

“அப்பா, அம்மா, எனக்கு மேடைப்பேச்சு வராது. நாம் சென்ற பயணங்களுக்காக உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஒரு செய்தியும் சொல்ல வேண்டும். அதை இருபத்தேழு ஆண்டுகளாகச் சொல்லாமலே இருந்துவிட்டேன்” என்று தொடங்கினான்.

பேத்தி உண்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

“என் சிறுவயதில் பயணம் என்றால் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்தான். இரவில் புது தில்லியில் ஏறினால் இரண்டு இரவும் ஒரு பகலும் கழித்துச் சென்னை. ஏறத்தாழ இரண்டாயிரத்து இருநூறு கிலோமீட்டர். அம்மா முதல் நாள் காலைக்கு மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி வைப்பீர்கள். நண்பகலுக்குப் புளிச்சோறு. இரவுக்குத் தயிர்ச்சோறு. அந்தத் தயிர்ச்சோற்றில் தயிரே இராது! குழைந்த சோற்றில் காய்ச்சிய பாலை நிறைய ஊற்றி, ஒரே ஒரு கரண்டி மோர் விட்டுப் பிசைந்து மூடுவீர்கள். அது வண்டியிலேயே மெல்ல உறைந்து, நாம் பிரிக்கும் வேளையில் புளிக்காத தயிராகியிருக்கும். மே மாத வெயிலில் அது ஒருமுறையும் கெட்டதில்லை.”

“ஒருமுறை கெட்டது. பாலைச் சூடாக ஊற்றிவிட்டேன்” என்றாள் தாய்.

மகன் சிரித்தான். “நாகபுரியில் வண்டி நிற்கும்போது அப்பா கூஜாவை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு ஓடுவார். அவர் திரும்பி வரும்வரை எனக்கு உயிர் இருக்காது. காலையில் நர்மதை, பொழுது சாய்கையில் கோதாவரி, நள்ளிரவில் கிருஷ்ணை. கிருஷ்ணைப் பாலத்தில் என்னை உலுக்கி எழுப்பி, கையில் ஒரு நாணயத்தைக் கொடுத்து ஆற்றில் போடச் சொல்வார். ஆறுகளின் வரிசையை நான் புவியியல் நூலில் கற்கவில்லை.

“தமிழையும் அவ்வாறே கற்றேன். பள்ளியில் தமிழ் இல்லை. வார்தா ஆற்றைக் கடந்ததும் நிலையப் பலகைகளில் தெலுங்கு வரும். மறுநாள் விடியற்காலையில், ஆந்திர எல்லையைத் தாண்டியவுடன் தமிழ் வரும். அம்மா என்னைச் சாளரத்தருகே உட்காரவைத்து, ‘பலகை போவதற்குள் படி’ என்பீர்கள். வண்டியோ நிற்காமல் பறக்கும். ஆறாவது வயதில் கும்மிடிப்பூண்டியில் எனக்குக் கிடைத்தது ‘கு’ மட்டும். மறு பயணத்தில் ‘கும்மி’. முழுப் பெயரையும் படித்து முடிக்கப் பன்னிரண்டு வயதாயிற்று. அந்த ஆண்டைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.”

இங்கே ஒரு விளக்கம் தேவை. மத்திய அரசு ஊழியருக்கு விடுமுறைப் பயணச் சலுகை என்று ஒன்று உண்டு. நான்காண்டுத் தொகுதி ஒன்றில் இருமுறை குடும்பத்துடன் சொந்த ஊர் சென்றுவரக் கட்டணத்தை அரசு தரும். அவ்விரண்டில் ஒன்றை விட்டுக்கொடுத்தால், இந்தியாவில் வேறு எந்த இடத்துக்கும் போகலாம். கட்டணம் மட்டுமே கிடைக்கும்; உணவும் தங்கும் செலவும் அவரவர் பொறுப்பு. தில்லியில் அடுத்த வீட்டுப் பிள்ளைகள் அவ்வாறு காஷ்மீரத்தையும் கோவாவையும் பார்த்து வந்து கதை சொல்வார்கள். இந்தக் குடும்பம் மட்டும் ஒவ்வொரு முறையும் கும்பகோணத்துக்கு அருகில் இருந்த ஒரு சிற்றூருக்கே போய்க்கொண்டிருந்தது.

“1996இல் சிம்லாவுக்கு அழைத்துப்போவதாக அப்பா வாக்களித்தார். வகுப்பு முழுவதும் சொல்லிவிட்டேன். புறப்பட ஒரு மாதம் இருக்கும்போது, ‘இந்த ஆண்டும் ஊருக்குத்தான்’ என்றார். காரணம் கேட்டேன், சொல்லவில்லை. வண்டியில் ஏறியது முதல் உங்கள் இருவருடனும் நான் பேசவில்லை. ஆற்றில் நாணயம் போட மறுத்தேன். அம்மா தந்த தயிர்ச்சோற்றைத் தொடவில்லை. கும்மிடிப்பூண்டிப் பலகையை அந்தக் கோபத்திலேயே, வாய்க்குள், முழுவதும் படித்தேன். படித்துவிட்டேன் என்று உங்களிடம் சொல்லவும் இல்லை.”

தாய் கணவரைப் பார்த்தாள். அவர் மேசைவிரிப்பை நீவிக்கொண்டிருந்தார்.

“ஊரில் பாட்டிக்குக் கண்பார்வை மிகவும் மங்கியிருந்தது. அறுவை செய்தும் பயனில்லை. என் முகத்தை ஒரு முழத் தொலைவில் வைத்துத்தான் பார்த்தார். ஒருநாள் பிற்பகல், நீங்கள் இருவரும் கோயிலுக்குப் போயிருந்தபோது, தலையணையின் கீழிருந்து உள்நாட்டு அஞ்சல் ஒன்றை எடுத்து, ‘உன் அப்பன் எழுதியது, படித்துக் காட்டு’ என்றார். எழுத்துக்கூட்டிப் படித்தேன். ‘இந்தக் கோடையில் பையனைச் சிம்லாவுக்கு அழைத்துப்போக நினைக்கிறேன். ஆசைப்படுகிறான். தீபாவளிக்கு நாங்கள் அவசியம் வருகிறோம்’ என்று இருந்தது. அந்த வரியில் நான் நின்றுவிட்டேன்.

“பாட்டிதான் மிச்சத்தைச் சொன்னார். ‘தீபாவளிவரை கண் இருக்குமோ என்னவோ, பிள்ளை முகம் தெரிகிறபோதே ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று பக்கத்து வீட்டுப் பெண்ணை எழுதச் சொன்னேன். உன் ஆசையைக் கெடுத்துவிட்டேனா?’ என்று கேட்டார். இல்லை என்று சொன்னேன். ‘அப்படியானால் இன்னொரு தரம் படி’ என்றார். மீண்டும் படித்தேன். அந்த விடுமுறையில் அவர் வைத்திருந்த கடிதங்கள் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். ஐப்பசி மழையில் பாட்டி மறைந்தார்.

“சிம்லாவா அம்மாவா என்று அப்பா அன்று தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. அதை என்மீது சுமத்தாமல், என் கோபத்தை மட்டும் வாங்கிக்கொண்டார். நான் அந்தக் கடிதத்தைப் படித்தது உங்களுக்குத் தெரியாது. திரும்பும்போதாவது சொல்லியிருக்கலாம். வெட்கமாக இருந்தது. பிறகு நாள் தள்ளிப்போயிற்று. அந்தப் பயணத்துக்காக நன்றி, அப்பா. வழியெல்லாம் எழுத்துகளைக் கற்றுத் தந்ததற்கு நன்றி, அம்மா. அவை இல்லாவிட்டால் பாட்டிக்கு என்னால் ஒரு கடிதத்தையும் படித்துக் காட்டியிருக்க முடியாது.”

அவன் உட்கார்ந்தான். சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. வெளியே மலைச்சரிவில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. தந்தை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“திரும்பும்போது நீ பேசினாய். கிருஷ்ணைப் பாலத்தில் நாணயம் கேட்டாய். கோபம் தணிந்தது எப்படி என்று நாங்கள் இருவரும் வியந்தோம்” என்றார்.

“அந்தக் கடிதங்கள் தகரப்பெட்டியில் இருக்கின்றன” என்றாள் தாய்.

பேத்தி இதற்குள் விரல்களை மடக்கி ஏதோ கணக்கிட்டுக்கொண்டிருந்தாள். கு, ம், மி, டி என்று முணுமுணுத்தவள் நடுவில் ஐயம் வந்து தந்தையின் கையைத் தொட்டாள்.

“அப்பா, பூண்டிக்கு முன்னால் ‘ப்’ உண்டா?”

“உண்டு.”

“அப்படியென்றால் எட்டு” என்றாள் அவள்.