ஐந்து லட்சத்துக்கு மேல் இருபது ரூபாய்

செட்டியார்பட்டி
செப்டம்பர் 8, 2025, திங்கள்

இந்த ஆண்டு வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும் கெடுவை ஜூலை 31இலிருந்து செப்டம்பர் 15க்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். அதனால் எங்கள் ஆடிட்டர் ஆபீஸில் இரண்டு வேலைகள் ஒன்றாக வந்து விழுந்திருக்கின்றன. தளவாய்புரம் நைட்டி யூனிட்களின் ஜிஎஸ்டிஆர்-1 பதினொன்றாம் தேதிக்குள் போயாக வேண்டும். மில் சம்பளக்காரர்களின் ரிட்டன் பதினைந்துக்குள் போயாக வேண்டும். ஜிஎஸ்டியை சீனியர் அக்கா பார்க்கிறார். சம்பளக் கோப்புகள் என் பங்கு.

சாயங்காலம் எடுத்தது ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் சூப்பர்வைசராக இருக்கும் அண்ணாச்சியின் கோப்பு. இங்கே செட்டியார்பட்டியில் கடன் வாங்கி வீடு கட்டியவர். ஃபார்ம் 16, வீட்டுக் கடனுக்கு வங்கி தந்த வட்டிச் சான்று, மருத்துவக் காப்பீட்டு ரசீது, டெபாசிட் வட்டி விவரம் எல்லாம் ஒழுங்காக அடுக்கித் தந்திருந்தார். ஆபீஸில் எல்லாருக்கும் போடும் எக்செல் தாளில் ஏற்கெனவே எண்களை ஏற்றி வைத்திருந்தார்கள். பழைய வரி முறையில் மொத்த வருமானம் 5,00,020 ரூபாய், வரி 13,000 ரூபாய். புதிய முறையில் போனால் வரி 34,450 ரூபாய். பழைய முறைதான் லாபம் என்று பக்கத்திலேயே பச்சை மையில் எழுதியிருந்தது. எனக்கு வந்த வேலை, இந்த எண்களை இணையதளத்தில் ஏற்றி, சாரிடம் காட்டி, தாக்கல் செய்வது மட்டும்தான்.

இணையதளத்தில் ஐடிஆர்-1 படிவத்தைத் திறந்ததும் சம்பளம் தானாகவே நிரம்பி வந்தது: 8,98,816. எங்கள் தாளில் 8,98,820. நான்கு ரூபாய்தானே என்று அழித்துவிட்டு எழுதக் கை போனது. அதற்குள் தாளை இன்னொரு முறை பார்த்தேன். மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு எண்ணும் பூஜ்யத்தில் முடிந்தது. சம்பளமும் வட்டியும் காப்பீட்டுப் பிரிமியமும் எல்லாமே பூஜ்யத்தில் முடிவது நடக்கிற காரியமில்லை. இன்றைக்கு அதை ஏற்றாமல் சேமித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

காலையில் முதல் வேலையாக ஒரு கட்டத்தைக் கிளிக் செய்து சூத்திரத்தைப் பார்த்தேன்.

```
=ROUND(B5,-1)
```

எண்ணைப் பக்கத்திலுள்ள பத்தின் மடங்காக மாற்றும் சூத்திரம். கடைசி வரியில் மட்டும் இருந்திருந்தால் சரி. இது ஒவ்வொரு வரியிலும் இருந்தது. முன்பு வேலை பார்த்த யாரோ, அச்செடுத்தால் எண்கள் அழகாகத் தெரியட்டும் என்று போட்டிருக்க வேண்டும். அப்படியே ஆண்டுக்கு ஆண்டு நகலெடுத்து வந்திருக்கிறார்கள்.

பக்கத்தில் புதிதாக ஒரு பத்தி போட்டு, சான்றுகளில் இருக்கும் எண்களை அப்படியே எழுதினேன். சம்பளம் 8,98,816. அதில் நிலையான கழிவு 50,000, தொழில் வரி 2,500 போக 8,46,316. வீட்டுக் கடன் வட்டி 1,87,314 கழித்தால் 6,59,002. வைப்பு வட்டி 7,426 சேர்த்தால் 6,66,428. பி.எஃப்., எல்.ஐ.சி., கடன் அசல் எல்லாம் சேர்ந்து 80சி வரம்பைத் தாண்டிவிட்டதால் முழு 1,50,000 கழிவு. காப்பீட்டுப் பிரிமியம் 16,424 கழிவு. மிஞ்சியது 5,00,004.

தாளில் 5,00,020 என்று வந்ததன் காரணம் இப்போது கண்ணுக்குத் தெரிந்தது. சம்பளம் 4 ரூபாய் கூடியிருக்கிறது. வைப்பு வட்டி 7,430 ஆகி இன்னொரு 4 கூடியிருக்கிறது. கடன் வட்டி 1,87,310 ஆகக் குறைந்திருக்கிறது, பிரிமியம் 16,420 ஆகக் குறைந்திருக்கிறது. கழிவு குறைந்தால் வருமானம் கூடும். ஆக நான்கு வரியும் ஒரே பக்கம் சாய்ந்து 16 ரூபாய் ஏறிவிட்டது. வேறொருவர் கணக்கில் இரண்டு மேலும் இரண்டு கீழுமாகப் போய்ச் சரிக்குச் சரி ஆகியிருக்கும்.

இனி சட்டம். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 288ஏ பிரிவு, மொத்த வருமானத்தைப் பத்தின் மடங்காக மாற்றச் சொல்கிறது. பைசாவை விட்டுவிட வேண்டும். கடைசி இலக்கம் ஐந்தோ அதற்கு மேலோ என்றால் மேல்பத்து, குறைவு என்றால் கீழ்பத்து. மாற்றி வரும் தொகையே இந்தச் சட்டத்தின் எல்லாக் காரியத்துக்கும் மொத்த வருமானம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. மொத்த வருமானத்தைத்தான் மாற்றச் சொல்கிறது, அதற்கு முந்தைய வரிகளை அல்ல. அப்படியானால் 5,00,004 என்பது 5,00,000. அண்ணாச்சியின் மொத்த வருமானம் சரியாக ஐந்து லட்சம்.

அந்த எண்ணைக் கண்டதும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

செப்டம்பர் 9, இரவு

மதியம் நேரமில்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்.

பழைய முறையில் ஐந்து லட்சம் என்பது ஒரு செங்குத்தான விளிம்பு. மொத்த வருமானம் ஐந்து லட்சத்தைத் தாண்டாதவருக்கு 87ஏ பிரிவு 12,500 ரூபாய் வரை தள்ளுபடி தருகிறது. ஐந்து லட்சத்துக்கான வரியே 12,500தான். ஆகவே கட்ட வேண்டியது ஒன்றுமில்லை. தாண்டினால், எவ்வளவு கொஞ்சமாகத் தாண்டினாலும், தள்ளுபடி முழுவதும் போய்விடும்.

தாளில் இருந்த 5,00,020க்கு வரி 12,504. அதற்கு நான்கு சதவீத செஸ் சேர்த்தால் 13,004 ரூபாய் 16 பைசா. 288பி பிரிவுப்படி கட்ட வேண்டிய தொகையையும் பத்தின் மடங்காக்கினால் 13,000. பதினாறு ரூபாய்ப் பிழைக்குப் பதின்மூன்றாயிரம். அதோடும் நிற்காது. பத்தாயிரத்துக்கு மேல் வரி என்றால் முன்வரி கட்டியிருக்க வேண்டும். கட்டாததால் 234பி பிரிவில் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை மாதம் ஒரு சதவீதம், 780 ரூபாய். 234சி வட்டி தனி.

புதிய வரி முறையில் இந்த விளிம்பு இப்படி வெட்டாது. அங்கே இந்தக் கணக்கு ஆண்டுக்குத் தள்ளுபடி வரம்பு ஏழு லட்சம். அதைப் பத்து ரூபாய் தாண்டினால், தாண்டிய பத்து ரூபாய்க்கு மேல் வரி போகாதபடி விளிம்பு நிவாரணம் உண்டு. பழைய முறையின் ஐந்து லட்சத்துக்கு அந்த நிவாரணம் இல்லை.

இந்தச் சூத்திரம் இத்தனை நாள் ஏன் யார் கண்ணிலும் படவில்லை என்பதும் புரிந்தது. ஆறரை லட்சம் வருமானக்காரருக்கு 20 ரூபாய் கூடினால் வரி நான்கு ரூபாய் கூடும். கடைசியில் பத்தின் மடங்காக்கும்போது அது பெரும்பாலும் காணாமல் போகும். இந்தக் கோப்பில் இன்னொரு திரையும் இருந்தது. புதிய முறையில் 34,450, பழைய முறையில் 13,000 என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இருபத்தோராயிரம் மிச்சம் என்றுதான் யாருக்கும் தோன்றும். லாபம் தெரிகிற இடத்தில் யாரும் பிழையைத் தேடுவதில்லை.

செப்டம்பர் 10, புதன்

சாரிடம் இரண்டு பத்தியையும் அச்செடுத்துக் காட்டினேன். விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினார். கடைசியில் 5,00,004ல் விரல் நின்றது.

"இந்த நாலு உறுதியாம்மா?"

"சான்றுல இருக்கிறபடி உறுதி சார்."

"சான்று எல்லாம் வந்திருச்சான்னு பாரு. இன்னும் ஒத்த ரூபாய் வட்டி எங்கயாவது இருந்தா 5,00,005. சட்டப்படியே 5,00,010 ஆயிரும். அப்ப பதிமூணாயிரம் கட்டத்தான் வேணும். நமக்குச் சாதகமா இருக்குன்னு நிறுத்திரக் கூடாது."

அவர் சொன்னதுதான் வேலையின் மறுபாதி. வருமான வரித் தளத்தில் ஏஐஎஸ் அறிக்கையை இறக்கினேன். வைப்பு வட்டி 7,426, அதே எண். சேமிப்புக் கணக்கு வட்டியும் இருந்தது. அதை வருமானத்தில் சேர்த்து, 80டிடிஏ பிரிவில் அதே தொகையைக் கழிவாகவும் காட்டலாம், பத்தாயிரம் வரை. கூட்டியதும் கழித்ததும் ஒன்றே என்பதால் மொத்தம் மாறவில்லை. ஆனால் இரண்டு இடத்திலும் காட்டியாக வேண்டும்.

அண்ணாச்சிக்கு போன் போட்டேன். ஷிப்ட் முடிந்து வீட்டில் இருந்தார்.

"அண்ணாச்சி, போஸ்ட் ஆபீஸ்லயோ சொசைட்டிலயோ வேற டெபாசிட், ஆர்.டி. ஏதாவது இருக்கா? வட்டி கொஞ்சமா இருந்தாலும் சொல்லுங்க."

"இல்லத்தா. இருந்ததெல்லாம் வீட்டுலதான் போட்டாச்சு. ஏன், வரி கூட வருதா?"

"சரி பார்க்கிறதுக்குத்தான். நாளைக்குச் சொல்றேன்."

வீட்டுக் கடன் வட்டிச் சான்றை இன்னொரு முறை பார்த்தேன். சில நேரம் வங்கிகள் ஆண்டு முடியும் முன்பே உத்தேசச் சான்று தருவதுண்டு. மில்லில் ஜனவரியில் கொடுப்பது அதுதான். இது மார்ச் 31 வரைக்கான இறுதிச் சான்று. காப்பீட்டு ரசீதில் பணம் கட்டிய தேதியும் அந்த ஆண்டுக்குள்ளேயே இருந்தது. நான்கு ரூபாய் உறுதி.

செப்டம்பர் 11, வியாழன்

சான்றில் இருக்கும் எண்களையே இணையதளத்தில் ஏற்றினேன். மொத்த வருமானம் 5,00,000 என்று தளமே மாற்றிக் காட்டியது. வரி 12,500, தள்ளுபடி 12,500, கட்ட வேண்டியது பூஜ்யம். அண்ணாச்சி ஆபீஸுக்கு வந்து, போனில் வந்த ஆதார் ஓடிபியைச் சொன்னார். தாக்கலும் சரிபார்ப்பும் ஒரே அமர்வில் முடிந்தது. பழைய தாளின் அச்சையும் காட்டி, என்ன நடந்தது என்று சார் மறைக்காமல் சொன்னார். "பதிமூணாயிரம் எனக்கு அரை மாச வீட்டுக் கடன் இல்ல, ஒரு மாசத்துக்கே பக்கம்," என்றார் அண்ணாச்சி.

செப்டம்பர் 12, வெள்ளி

தாளிலிருந்து இடைவரிச் சூத்திரங்களை எல்லாம் எடுத்துவிட்டேன். பத்தின் மடங்காக்குவது இப்போது இரண்டே கட்டங்களில்: மொத்த வருமானத்தில் ஒன்று, கடைசியில் கட்ட வேண்டிய அல்லது திரும்ப வர வேண்டிய தொகையில் ஒன்று. இரண்டுக்கும் மேலே, மாற்றாத எண்ணும் தெரியும்படி ஒரு கட்டம் வைத்தேன். பிறகு இந்த ஆண்டு இதே தாளில் ஏற்கெனவே தாக்கல் ஆன கோப்புகளை எடுத்து, பழைய முறையில் ஐந்து லட்சத்தை ஒட்டி யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தேன். யாரும் இல்லை. இருந்திருந்தால் டிசம்பர் 31 வரை திருத்திய ரிட்டன் போட வழி உண்டு.

இதைப் படிக்கும் சம்பளக்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பழைய முறையில் உங்கள் மொத்த வருமானம் 5,00,010 என்றோ 5,00,020 என்றோ வந்தால் உடனே பணம் கட்டிவிடாதீர்கள். மாற்றுவதற்கு முந்தைய தொகை என்ன என்று கணக்கு எழுதுபவரிடம் கேளுங்கள். அது 5,00,004 ரூபாய் வரை இருந்தால் நீங்கள் கட்ட வேண்டிய வரி எதுவும் இல்லை.