இரட்டிப்பாக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்

பிக்-ஓ என்றாலே நம்ம ஆளுங்களுக்கு ஒரு டூ மார்க் கேள்விதான். ஒரு ஃபார் லூப் இருந்தா O(n), அதுக்குள்ள இன்னொன்னு இருந்தா O(n²), பாதி பாதியா வெட்டிக்கிட்டே போனா O(log n). இதை வைத்தே இன்டர்னல்ஸைத் தாண்டிவிடலாம். ஆனால் கண்ணால் லூப்பை எண்ணும் இந்தப் பழக்கம் நம்மை நன்றாகவே ஏமாற்றும். போன செமஸ்டரில் என் ரூம்மேட்டின் மினி புராஜெக்ட்டில் அதுதான் நடந்தது.

அவன் எடுத்தது நூலகக் கணக்கு. புத்தகங்களின் பதிவு எண்கள் உள்ள ஒரு ஃபைலைப் படித்து, ஒரே எண் இரண்டு முறை வந்திருந்தால் ஒன்றைத் தள்ளிவிட வேண்டும். 500 வரி வைத்துச் சோதித்தபோது என்டர் தட்டிய உடனே முடிந்தது. முழு ஃபைலில் 80,000 வரி. அதைக் கொடுத்தால் இரண்டு நிமிஷத்துக்கு மேல் திரை அப்படியே நிற்கிறது. ரிவ்யூவுக்கு நாலே நாள்.

"மச்சி, லேப்டாப் பழசுடா. ரேம் மாத்தினாத்தான் ஆகும். அப்பாகிட்ட காசு கேட்கப்போறேன்."

"கேட்கிறதுக்கு முன்னாடி கோடைக் காட்டு."

```python
seen = []
for r in rows:
    if r not in seen:
        seen.append(r)
```

"ஒரே லூப்தான்டா. O(n). இதுல என்ன தப்பு இருக்க முடியும்?" என்றான். பார்த்தால் அப்படித்தான் தெரியும். அதனால் கோடைப் படிப்பதை நிறுத்திவிட்டு அளந்து பார்த்தோம். முதல் 10,000 வரிக்கு ஏறத்தாழ 2 விநாடி. 20,000 வரிக்கு 8. 40,000 வரிக்கு அரை நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல்.

இந்த விநாடிகளைத் தனியாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. உங்கள் லேப்டாப்பில் அவை வேறாக இருக்கும். பார்க்க வேண்டியது விகிதத்தை. டேட்டா இரண்டு மடங்கானபோது நேரமும் இரண்டு மடங்கானால் அது O(n). இரண்டைவிடக் கொஞ்சம் கூடினால் O(n log n). 10,000-லிருந்து 20,000-க்குப் போகும்போது கணக்குப்படி 2.15 மடங்கு வரும். நாலு மடங்கானால் O(n²). எங்களுக்கு ஒவ்வொரு தடவையும் நாலு வந்தது. அப்படியென்றால் எங்கேயோ இன்னொரு லூப் ஒளிந்திருக்கிறது.

அது `not in` என்ற இரண்டு வார்த்தைக்குள் இருந்தது. `seen` ஒரு லிஸ்ட். லிஸ்ட்டில் ஒன்று இருக்கிறதா என்று கேட்டால், பைத்தான் முதல் உறுப்பிலிருந்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக்கொண்டே போகும். கிடைத்துவிட்டால் பாதியில் நிற்கும். ஆனால் நூலகப் பதிவு எண்கள் கிட்டத்தட்ட எல்லாமே வேறு வேறு. எனவே ஒவ்வொரு புது எண்ணுக்கும் தேடல் லிஸ்ட்டின் கடைசி வரை போய், 'இல்லை' என்று திரும்புகிறது. சுத்தமான டேட்டாதான் இதற்கு மிக மோசமான கேஸ்!

எத்தனை ஒப்பீடு என்று போட்டுப் பார்த்தோம். இரண்டாவது எண்ணுக்கு 1, மூன்றாவதுக்கு 2, இப்படியே கூட்டினால் n(n−1)/2. 500 வரிக்கு 1,24,750. 80,000 வரிக்குச் சுமார் 320 கோடி. வரிகள் கூடியது 160 மடங்குதான், வேலையோ 25,000 மடங்குக்கு மேல். 500 வரியில் சோதித்தவனுக்கு இது எப்படித் தெரியும்?

ரேம் விஷயத்துக்கு வருவோம். 80,000 சின்ன எண்கள் மெமரியை நிரப்பாது, அதனால் ரேம் கூட்டினால் இங்கே எதுவும் மாறாது. சரி, இரண்டு மடங்கு வேகமான புது லேப்டாப்பே வாங்கினாலும்? O(n²) வேலையில் அதே இரண்டு நிமிஷத்துக்குள் முடிக்கக்கூடிய வரிகள் √2 மடங்குதான் கூடும். 80,000 இருந்த இடத்தில் ஏறத்தாழ 1,13,000. அவ்வளவு காசு போட்டு இதுதான் கிடைக்கும். அப்பாவுக்கு அந்த போன் போகவில்லை.

மாற்றியது இரண்டு இடம். `seen = []` என்பது `seen = set()` ஆனது, `append` என்பது `add` ஆனது. செட் உள்ளே ஒரு ஹாஷ் டேபிள். எண்ணின் ஹாஷ் மதிப்பை வைத்து அது இருக்க வேண்டிய இடத்துக்கு நேராகப் போய்ப் பார்க்கும், சராசரியாக O(1). 80,000 வரியும் ஒரு விநாடிக்குள் முடிந்தது.

இது ஸ்டூடண்ட் புராஜெக்ட்டில் மட்டும் நடக்கிற கூத்து என்று நினைக்காதீர்கள். 2021 பிப்ரவரியில், t0st என்ற பெயரில் எழுதும் ஒருவர், ஜிடிஏ ஆன்லைன் லோட் ஆக அவரது கம்ப்யூட்டரில் ஏன் 6 நிமிஷம் ஆகிறது என்று சோர்ஸ் கோட் இல்லாமலேயே நோண்டிப் பார்த்தார். விளையாட்டில் வாங்கக்கூடிய பொருட்களின் பட்டியல் ஒரு 10 எம்பி ஜேசன் ஃபைலாக வருகிறது, அதில் சுமார் 63,000 பொருட்கள். ஒவ்வொன்றையும் சேர்க்கும் முன், ஏற்கெனவே இருக்கிறதா என்று முழு வரிசையையும் தேடினார்கள். என் ரூம்மேட் எழுதியதேதான். ஒப்பீடுகள் 198 கோடி!

இரண்டாவது கோளாறு இன்னும் ஆழத்தில் இருந்தது. ஜேசனைப் பிரிக்க `sscanf` பயன்பட்டது. அது ஒரு சின்ன மதிப்பைப் படிப்பதற்குக்கூட, மீதியிருக்கும் டெக்ஸ்ட் எவ்வளவு நீளம் என்று ஒவ்வொரு முறையும் `strlen` மூலம் கடைசி வரை அளந்தது. ஒரு பொருளுக்கு ஒரே ஒரு முறை அளந்தது என்று வைத்துக்கொண்டாலும், சராசரியாக 5 எம்பி வீதம் 63,000 முறை. அதாவது 31,500 கோடி பைட். இரண்டையும் அவரே சரிசெய்து பார்த்தார். தேடலை மட்டும் திருத்தியபோது 4 நிமிஷம் 30 விநாடி, பார்சரை மட்டும் திருத்தியபோது 2 நிமிஷம் 50 விநாடி, இரண்டும் சேர்ந்தபோது 1 நிமிஷம் 50 விநாடி. நிறுவனம் அதை ஏற்றுக்கொண்டு அடுத்த மாதமே அப்டேட் விட்டது, அவருக்கு 10,000 டாலரும் கொடுத்தது. (நம்ம லேப் மேனுவலில் `for (i = 0; i < strlen(s); i++)` என்று எழுதியிருந்தால் ஒரு நிமிஷம் நின்று பாருங்க. லூப் உள்ளே `s` மாறினால், கம்பைலராலும் அதைக் காப்பாற்ற முடியாமல் போகலாம்.)

இதைப் படித்துவிட்டு எல்லா லிஸ்ட்டையும் செட்டாக மாற்றக் கிளம்ப வேண்டாம். பத்து உறுப்பு உள்ள லிஸ்ட்டில் ஒவ்வொன்றாகத் தேடுவதும் போதுமான வேகம்தான். பைத்தானின் சொந்த `sort`-கூட, 64-க்கும் குறைவான சின்ன லிஸ்ட் என்றால் O(n²) இன்சர்ஷன் சார்ட் வகையைத்தான் பயன்படுத்துகிறது. n சின்னதாக இருக்கும்போது, பிக்-ஓ தூக்கிப் போட்டுவிடும் அந்த மாறிலிதான் ஜெயிக்கும்.

இரட்டிப்பாக்கும் சோதனைக்கும் இதே சிக்கல் உண்டு. 500 வரியிலிருந்து 1,000 வரிக்குப் போய் அளந்தால், புரோகிராம் தொடங்கவும் ஃபைலைத் திறக்கவும் ஆகும் நேரமே பெரிதாகத் தெரியும், விகிதம் 1-க்குப் பக்கத்தில் வரும், O(1) என்றே நினைத்துவிடுவீர்கள். குறைந்தது ஒரு விநாடியாவது ஓடும் அளவு n-ஐ எடுத்து, அங்கிருந்து இரண்டு மூன்று முறை இரட்டிப்பாக்குங்கள்.