கரும்புள்ளிகளும் கடந்த ஆண்டுகளும்

ஞாயிற்றின் முகத்தில் தோன்றும் கரும்புள்ளிகள் ஏறத்தாழப் பதினோராண்டுக்கு ஒருமுறை பெருகிக் குறைகின்றன. எனினும் அவை கடிகாரம்போல் ஒழுங்காக நடப்பன அல்ல. இதற்கு 1927-இல் புள்ளியியலாளர் உட்னி யூல் ஓர் உவமை கூறினார். ஊசல் ஒன்று ஆடிக்கொண்டிருக்கிறது. சிறுவர் சிலர் அறைக்குள் புகுந்து அதன்மேல் பட்டாணியை எறிகின்றனர். (பள்ளிக்கூடத்தை அறிந்தோர்க்கு இது புதுமையான காட்சியன்று.) ஒவ்வோர் அடியின் விளைவும் அதன் பிந்திய ஆட்டங்களில் தேய்ந்து தேய்ந்து தொடர்கிறது. இதுவே தற்பின்னடைவு மாதிரி.

அதே ஆண்டில் ரஷ்ய அறிஞர் சுலுட்ஸ்கி வேறொன்றைக் காட்டினார். குலுக்கலில் விழுந்த எண்களைப் பத்துப் பத்தாகக் கூட்டிக்கொண்டே சென்றால் அதிலும் அலைகள் எழுகின்றன! ஆனால் அங்கே ஓர் எண்ணின் சுவடு பத்துக் கூட்டல்களோடு அடியோடு அழிந்துவிடும். இது நகரும் சராசரி மாதிரி. இவ்விரு அலைகளையும் வெறுங்கண்ணால் பிரித்தறிவது அரிது.

யூலிடம் 1749 முதல் 1924 வரை 176 ஆண்டுகளின் கணக்கு இருந்தது. அடுத்தடுத்த ஆண்டுகளுக்கிடையே ஒட்டுறவு 0.811, ஈராண்டு இடைவெளியில் 0.434. பாட்டனின் சாயல் தந்தை வழியாக மட்டுமே பேரனை அடைவதுபோல, முந்திய ஆண்டின் செல்வாக்கும் இடையாண்டின் வழியாகவே வருமாயின், இரண்டாம் எண் 0.811-இன் வர்க்கமாகிய 0.658 ஆக இருந்திருக்கும். இருப்பதோ மிகக் குறைவு. அந்தக் குறைவான −0.224-ஐ, ஒன்றிலிருந்து 0.658-ஐக் கழித்துப் பெறும் 0.342-ஆல் வகுத்தால் −0.655 கிடைக்கிறது. இடையாண்டின் பங்கை நீக்கியபின் எஞ்சும் இந்த உறவே பகுதித் தன்னொட்டுறவு. ஈராண்டுக்கு முந்திய நிலை, தானே ஒரு கடிவாளமாக நின்று இழுக்கிறது என்பதே இதன் பொருள்.

இவ்வாறு கண்ட மதிப்புகளை இடைவெளி வாரியாகக் கோடுகளாக வரைவர். 2-ஐ 176-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் வரும் 0.15-க்குள் அடங்கும் கோடுகளைத் தற்செயல் எனக் கொள்ளலாம். யூலின் தொடரில் முதலிரண்டு கோடுகள் ஓங்கி நிற்க, மூன்றாவது எல்லைக்குள் ஒடுங்கிவிடுகிறது. ஆகவே ஈராண்டுத் தற்பின்னடைவு பொருந்தும். அதிலிருந்து பெறும் சுழற்சி 10.6 ஆண்டு. நகரும் சராசரித் தொடராயின் நிலை தலைகீழாகும்: பகுதித் தன்னொட்டுறவு நிற்காமல் மெல்லத் தேயும், சாதாரணத் தன்னொட்டுறவே குறித்த இடத்தில் அறுபடும். இரண்டும் மெல்லத் தேயுமாயின் கலப்பு மாதிரியை நாட வேண்டும்.

படத்தை அளவுக்குமீறி நம்புதலும் தவறு. வெறும் தற்செயலால்கூட இருபதில் ஒரு கோடு எல்லையைத் தாண்டும். 1700 முதல் 1988 வரை நீண்ட தொடரை எடுத்தால், ஆறாம் கோட்டிலிருந்து ஒன்பதாம் கோடு வரை மீண்டும் சற்றே தலைதூக்குகின்றன. கரும்புள்ளிகள் விரைந்து ஏறி மெதுவாக இறங்குபவை; ஏற்றத்தையும் இறக்கத்தையும் ஒருதன்மையாகவே காட்டும் இவ்விரு மாதிரிகளிலும் அந்தச் சாய்வுக்கு இடமில்லை.