அறுபதில் ஓர் ஆண்டு

பாகூர்க் கொம்யூனைச் சேர்ந்த ஒரு சிற்றூரில், 2014ஆம் ஆண்டு சித்திரை முதல் நாளன்று, ஒரு குடும்பத்தார் தம் வீட்டுத் திண்ணையில் கூடியிருந்தனர். அன்றுதான் ஜய ஆண்டு பிறந்திருந்தது. அவ்வீட்டின் மூத்த மகனுக்கு அறுபது அகவை நிறைவதையொட்டி மணிவிழா எடுக்க வேண்டும். எந்த ஆண்டு எடுப்பது என்பதே அன்றைய பேச்சு. பிறந்த ஆண்டின் பெயர் அறுபது ஆண்டுகள் கழித்து மீண்டும் வரும். அந்த ஆண்டில் பிறந்த மாதமும் பிறந்த நட்சத்திரமும் கூடிவரும் நாளே மணிவிழாவுக்கு உரியது. ஆகவே ஆண்டின் பெயர் தவறினால் விழாவும் தவறிப்போகும்.

பள்ளிச் சான்றிதழில் மூத்தவரின் பிறப்பு 1955 பிப்ரவரி என்று இருந்தது. பதினொன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த தம்பி மகன் ஒரு தாளை எடுத்துக் கணக்கிட்டான். "பெரியப்பா பிறந்தது மன்மத வருடம். அது அடுத்த சித்திரையில்தான் பிறக்கும். மாசி மாதம் என்றால் 2016இல்தான் மணிவிழா" என்றான்.

திண்ணையின் மூலையில் அமர்ந்திருந்த ஆயா தலையசைத்து மறுத்தார். "இல்ல கண்ணு. கிழூர்ல ஓட்டுப் போட்டாங்களே, அப்ப உங்க பெரியப்பன் என் வயித்துல இருந்தான். அது ஜய வருசம். அதே வருசம் மாசியிலதான் பொறந்தான்" என்றார். பேரனின் கணக்கில் பிழை எங்கே என்று ஆயாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் பிழை இருக்கிறது என்பதில் அவருக்கு ஐயமே இல்லை.

பேரன் செய்த கணக்கு இதுதான். தமிழாண்டுகள் அறுபதும் பிரபவ முதல் அட்சய வரை ஒரே வரிசையில் வருகின்றன. அறுபதாவதாகிய அட்சய முடிந்ததும் மீண்டும் பிரபவ தொடங்குகிறது. ஆங்கில ஆண்டின் எண்ணிலிருந்து 6ஐக் கழித்து, வருவதை 60ஆல் வகுத்தால் கிடைக்கும் மீதியே அந்த ஆண்டு வரிசையில் பெறும் இடம். மீதி ஏதும் இல்லையென்றால் அது அறுபதாவது ஆண்டு.

6ஐ ஏன் கழிக்க வேண்டும்? இப்போது நடக்கும் சுழற்சியின் முதலாண்டாகிய பிரபவ 1987 ஏப்ரலில் பிறந்தது. 1987ஐ 60ஆல் வகுத்தால் ஈவு 33, மீதி 7. முதலாண்டுக்கு மீதி 1 என வரவேண்டுமாயின் 6ஐக் கழித்தாக வேண்டும். காரணம் இவ்வளவே. எனவே வாய்பாடு மறந்துபோனாலும், பிரபவ பிறந்தது 1987 என்ற ஒன்றை மட்டும் நினைவில் வைத்திருப்பவர் 6ஐத் தாமே கண்டுகொள்ளலாம்.

ஆயா குறிப்பிட்ட நிகழ்ச்சியைக் கொண்டே இதைச் சோதித்துப் பார்ப்போம். வில்லியனூர்க் கொம்யூனில் உள்ள கிழூரில் 1954 அக்டோபர் 18 அன்று, பிரெஞ்சிந்தியப் பகுதிகளை இந்தியாவோடு இணைப்பது குறித்து வாக்கெடுப்பு நடந்தது. சட்டமன்றத்துக்கும் நகராட்சிகளுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த 178 உறுப்பினர்களில் 170 பேர் இணைப்புக்கு ஆதரவாக வாக்களித்தனர். அவ்வாண்டு நவம்பர் முதல் நாளில் ஆட்சி இந்திய அரசின் கைக்கு வந்தது. 1954இலிருந்து 6ஐக் கழித்தால் 1948. அதை 60ஆல் வகுக்க, ஈவு 32; 32 முறை அறுபது 1920; மீதி 28. வரிசையில் இருபத்தெட்டாவது ஆண்டு ஜய. ஆயாவின் நினைவும் கணக்கும் ஒத்துப்போகின்றன.

அப்படியானால் பேரன் எங்கே தவறினான்? அவன் 1955ஐ எடுத்துக்கொண்டான். 6 போக 1949, மீதி 29, இருபத்தொன்பதாவது ஆண்டு மன்மத. வகுத்தலில் பிழையில்லை. ஆனால் 1955 என்னும் எண் சனவரி முதல் நாளிலேயே தொடங்கிவிட்டது. மன்மத ஆண்டோ சித்திரை பிறக்கும் வரை காத்திருந்தது. சனவரி தொடங்கி ஏப்ரல் நடுப்பகுதி வரையுள்ள நாள்கள் எல்லாம் முந்தைய தமிழாண்டின் எச்சமே. தையும் மாசியும் பங்குனியும் ஒரு தமிழாண்டின் இறுதி மாதங்கள் என்பதை நினைத்தால் இது விளங்கும். ஆகவே அந்நாள்களுக்கு 6ஐக் கழிப்பதற்கு மாறாக 7ஐக் கழிக்க வேண்டும். 1955இலிருந்து 7 போனால் 1948, மீதி 28, ஜய. பெரியவர் பிறந்தது ஜய ஆண்டு மாசி மாதம். அந்த ஜய மீண்டும் பிறந்த நாளில்தான் அவர்கள் திண்ணையில் பேசிக்கொண்டிருந்தார்கள். மணிவிழா 2015 பிப்ரவரியில் வரும் மாசியில் நடக்க வேண்டும். பேரன் சொன்னபடி நடந்திருந்தால் ஓராண்டு பிந்தியிருக்கும்.

இந்தப் பிழை எளிதில் நேரக்கூடியது. பழைய ஆவணங்களைப் படிப்போரும் இதில் விழுவதுண்டு. புதுச்சேரி வரலாற்றிலேயே இதற்குத் தெளிவான சான்று இருக்கிறது. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் மொழிபெயர்ப்பாளராக விளங்கிய ஆனந்தரங்கர், 1736 செப்டம்பர் 6 அன்று தம் நாட்குறிப்பைத் தொடங்கினார். 1736இல் 6 போக 1730. 60ஆல் வகுக்க மீதி 50. ஐம்பதாவது ஆண்டு நள. செப்டம்பர், சித்திரைக்குப் பிந்திய மாதமாதலால் இங்கே இடர் ஏதும் இல்லை. ஆனால் அவர் பிறந்த நாள் 1709 மார்ச் 30. அதைச் சர்வதாரி ஆண்டு, பங்குனி 21, சனிக்கிழமை என்று குறிப்பர். 6ஐக் கழித்துக் கணக்கிட்டால் மீதி 23 வரும். இருபத்துமூன்றாவது ஆண்டு விரோதி. அது தவறு. மார்ச் மாதமாதலால் 7ஐக் கழிக்க, 1702, மீதி 22, சர்வதாரி. அவருடைய நாட்குறிப்பு 1761 சனவரியோடு முடிகிறது. அந்த நாள்களும் பதினைந்தாவதாகிய விஷு ஆண்டைச் சேர்ந்தவை அல்ல. பதினான்காவதாகிய விக்கிரம ஆண்டின் இறுதிப் பகுதியைச் சேர்ந்தவை.

அந்தப் பிறந்த நாளில் இன்னொரு செய்தியும் அடங்கியுள்ளது. பங்குனி 21 மார்ச் 30 என்றால், முப்பது நாள் கொண்ட பங்குனி ஏப்ரல் 8இல் முடிந்து, ஏப்ரல் 9இல் சித்திரை பிறந்திருக்கும். இக்காலத்திலோ சித்திரை பெரும்பாலும் ஏப்ரல் 14இல் பிறக்கிறது. சூரியன் மேட ராசியில் நுழைவதைக் கொண்டு கணிக்கப்படும் தமிழாண்டு, ஆங்கில ஆண்டைவிடச் சில நிமிடங்கள் நீளமானது. அந்த வேறுபாடு சேர்ந்து சேர்ந்து ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்கு ஒரு நாளாகிறது. முந்நூறு ஆண்டுகளில் ஐந்து நாள் நகர்ந்தது இப்படித்தான். எனவே பதினெட்டாம் நூற்றாண்டு ஆவணத்தில் ஏப்ரல் 11 என்று கண்டால், இன்றைய வழக்கை எண்ணி 7ஐக் கழித்துவிடக் கூடாது. அன்று புத்தாண்டு பிறந்துவிட்டிருக்கும். எல்லைக்கு அருகிலுள்ள நாள்களுக்கு வாய்பாடு மட்டும் போதாது. அந்தக் காலத்துப் பஞ்சாங்கத்தையும் பார்க்க வேண்டும்.

கணக்கை எதிர்த்திசையிலும் செலுத்தலாம். ஆண்டின் வரிசை எண்ணோடு 6ஐக் கூட்டி, வேண்டிய அளவு அறுபதுகளைச் சேர்க்க வேண்டும். ஜயவுக்கு 28உம் 6உம் 34. அதனோடு 32 அறுபதுகளைச் சேர்த்தால் 1954; 31 அறுபதுகளைச் சேர்த்தால் 1894. இங்கேதான் இம்முறையின் வரம்பு தெரிகிறது. வில்லியனூரில் ஒரு வீட்டுப் பரணில் கிடைக்கும் நிலப்பத்திரத்தில் 'ஜய வருடம்' என்று மட்டும் இருந்தால், அது 1894ஆ 1954ஆ என்று பெயர் சொல்லாது. கிழமையும் குறிக்கப்பட்டிருந்தால் வழி பிறக்கும். அறுபது தமிழாண்டுகளில் 21,915 அல்லது 21,916 நாள்கள் உள்ளன. ஏழால் வகுத்தால் 5 அல்லது 6 மீதியாகும். ஆகவே அடுத்த சுழற்சியில் அதே மாதத் தேதி அதே கிழமையில் வராது. பத்திரத்திலுள்ள தேதியும் கிழமையும் எந்த ஆண்டில் பொருந்துகின்றன என்று பார்த்து, இரண்டில் ஒன்றை விலக்கிவிடலாம்.

விடை சரிதானா என்று விரைவில் அறிய ஓர் எளிய வழியும் உண்டு. அறுபது, பத்தின் மடங்கு. எனவே ஒரே பெயருள்ள ஆண்டுகள் பிறக்கும் ஆங்கில ஆண்டுகளின் கடைசி இலக்கம் மாறுவதில்லை. ஜய என்றும் 4இல் முடியும் ஆண்டிலேயே பிறக்கும்: 1894, 1954, 2014. ஜய ஆண்டோடு 5இல் முடியும் எண்ணைக் கண்டால், அது சனவரிக்கும் ஏப்ரலுக்கும் இடைப்பட்ட நாளாகவே இருக்க வேண்டும்.

ஆயாவின் கணக்கில் வகுத்தலும் இல்லை, மீதியும் இல்லை. கிழூர் வாக்கெடுப்புக்கும் மகனின் பிறப்புக்கும் இடையே சித்திரை ஒன்று வரவில்லை என்பது மட்டும் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. பேரன் தாளில் 6ஐ அடித்து 7 என்று எழுதினான். பிறகு பெட்டியிலிருந்து எடுத்து வரப்பட்ட பழைய ஜாதகக் குறிப்பின் தலைப்பைப் படித்தான். 'ஜய வருடம் மாசி மாதம்' என்றே அதில் எழுதியிருந்தது.