ஓரக்குறிப்புகளுக்கு நன்றி

அன்புள்ள தோழி,

என் சிறுகதையின் பிரதியைக் கொடுத்தபோது நீ முதலில் கேட்டது, "இது பத்திரிகைக்கு அனுப்பத் தயாரா, இன்னும் மாற்றப்போகிறாயா?" என்றுதான். மாற்றப்போகிறேன் என்றேன். பிரதியில் ஒற்றுப்பிழைகள் நிறையவே இருந்தன. ஒன்றைக்கூட நீ வட்டமிடவில்லை. எந்தப் பத்தி நிற்கும், எது போகும் என்றே தெரியாத நிலையில் சந்தி பார்ப்பது வீண்வேலை. பக்கமெல்லாம் சிவந்துவிட்டால் பெரிய குறை எது என்பதும் எழுதியவர் கண்ணில் படாது.

ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர், தான் வேலை பார்த்த தடத்திலேயே பயணியாக ஏறுகிறார். அதுதான் கதை. ஆனால் அவர் பஸ் ஏறுவது நாலாம் பக்கத்தில். அதுவரை குடும்பக் கதை. "தொடக்கம் இழுவை" என்று நீ எழுதியிருக்கலாம். நீ எழுதியதோ, "டிக்கெட்டுக்கு அவர் சில்லறையை நீட்டும்போது நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதற்கு முன் இரண்டு இடங்களில் கவனம் விலகியது." அந்த இரண்டு இடங்களிலும் ஓரத்தில் பென்சில் கோடு. இழுவை என்பது தீர்ப்பு, எதிர்த்து வாதாடியிருப்பேன். உன் கவனம் எங்கே விலகியது என்பதை நான் எப்படி மறுப்பது? குடும்பக் கதையைச் சுருக்கினேன்.

1924 நவம்பரில் 'தி கிரேட் கேட்ஸ்பி' பிரதியைப் படித்துவிட்டு, பதிப்பாசிரியர் மேக்ஸ்வெல் பெர்கின்ஸ் ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு எழுதிய கடிதமும் இந்த வகைதான். நாவலை மனதாரப் பாராட்டிவிட்டு, கேட்ஸ்பியின் உருவம் வாசகர் கண்ணில் தெளிவாக நிற்கவில்லை, அவன் செல்வம் எப்படி வந்தது என்பதற்கு ஆங்காங்கே சிறு குறிப்பாவது வேண்டும் என்றார். யோசனைகள் சொன்னார்; எப்படி எழுதுவது என்பதை ஃபிட்ஸ்ஜெரால்டிடமே விட்டார். அவரும் அச்சுப்படிகளிலேயே நிறைய மாற்றினார். 1925 ஏப்ரலில் நாவல் வெளிவந்தது.

உன் குறிப்புகளில் எனக்கு மிகவும் உதவியது ஒரு பாராட்டுதான். வண்டி நின்றதும் கண்டக்டரின் கை தன்னையறியாமல் விசிலைத் தேடிச் சட்டைப்பைக்குப் போகும் வரியின் கீழே, "இதைத் தொடாதே. அவர் இழந்தது என்னவென்று இங்கேதான் தெரிந்தது" என்று எழுதியிருந்தாய். சாதாரண வரி என்று அதை நான் வெட்டவிருந்தேன். "நடை நன்று" என்று பொதுவாகப் பாராட்டியிருந்தால் அது போயே போயிருக்கும். கடைசிப் பத்தியில் அதே இழப்பை நான் விளக்கியிருந்த இடத்தில், "இதற்கு முன்பே புரிந்துவிட்டது" என்று மட்டும் எழுதினாய். விசில் வரி உன்னைத் தொட்டது தெரிந்திருந்ததால், அந்தப் பத்தியைத் தயங்காமல் எடுத்துவிட்டேன்.

ஒன்றை மட்டும் நான் ஏற்கவில்லை. "அவர் மனைவி என்ன நினைக்கிறாள்?" என்று கேட்டிருந்தாய். அவள் பேசத் தொடங்கினால் கதை பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குள் போய்விடும் என்று தோன்றியது. கேள்வியாகக் கேட்டிருந்ததால் வேண்டாம் என்று முடிவெடுக்க எனக்கு இடம் இருந்தது. அதற்கும் சேர்த்து நன்றி.

திருத்திய பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன். இந்தமுறை ஒற்றுப்பிழைகளையும் பார்த்துவிடு.

அன்புடன்,
உன் தோழி