"ராத்தா, இது பெருசாகி இரிக்கா?"

தங்கச்சியிடம் கேட்டு, அவள் வாசித்துப் பார்த்துச் சரி என்ற பிறகுதான் இதைப் போடுகிறேன். கொஞ்சம் நீளம். நேரமிருக்கும்போது வாசியுங்கள்.

போன வருடம் அவளுக்குக் கடைவாய்ப் பல்லில் சீழ் பிடித்தது. மருந்தெடுத்துச் சுகமான பிறகு, இடது தாடைக்குக் கீழே கடலையளவில் ஒரு கட்டி கையில் பட்டது. டொக்டர் விரலால் தொட்டுப் பார்த்தார். மெத்தென்று இருந்தது, தொட்டால் நகர்ந்தது, ஒரு சென்ரிமீற்றருக்கும் குறைவு. பல்லில் கிருமி இருந்தால் அந்தப் பக்கத்து நிணநீர்க் கணு வீங்குவது வழக்கம், கிருமி போன பிறகும் சிலருக்கு மாதக்கணக்கில் அது கையில் படும் என்றார். பெருத்துக்கொண்டே போனால், கல்லுப்போல இறுகினால், அசையாமல் ஒட்டிப்பிடித்தால், காரணமில்லாத காய்ச்சலோ இரவில் உடுப்பு நனையிற வியர்வையோ உடம்பு மெலிவதோ இருந்தால் உடனே வாங்க, இல்லாவிட்டால் ஆறு கிழமை கழித்து வாங்க என்று அனுப்பிவிட்டார்.

அன்றிரவே பிள்ளைகள் தூங்கிய பிறகு போனை எடுத்து 'கழுத்தில் கட்டி' என்று தேடியிருக்கிறாள். இணையத்தில் இப்படித் தேடினால் வருகிற பக்கங்களில் காரணங்கள் வரிசையாக இருக்கும். தடிமன், பல், தொண்டை நோவு, காசநோய், புற்றுநோய். எது ஆயிரத்தில் எத்தனை பேருக்கு என்று அந்த வரிசை சொல்லாது. எல்லாம் ஒரே அளவு எழுத்தில் இருக்கும். பயந்த கண் கடைசிச் சொல்லில்தான் போய் நிற்கும். அடுத்த தேடல் 'கழுத்தில் கட்டி புற்றுநோயா' என்பது. கேள்வியிலேயே புற்றுநோய் இருந்தால் பதில் முழுக்க அதுதானே வரும்?

பிறகு அந்தக் கட்டியைத் தொட்டுப் பார்க்கத் தொடங்கினாள். சமைக்கும்போது, பஸ்ஸில், தொழுகைக்கு நிற்கும் முன், படுக்கையில். ஒரு இடத்தை ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தடவை அழுத்தினால் எந்தத் தோலும் நோகும், சிவக்கும், கொஞ்சம் வீங்கியும் போகும். கட்டி 'நோவுது' என்று அடுத்த தேடல் தொடங்கியது அப்படித்தான். நோவைக் கொண்டுவந்தது அவளுடைய விரல்.

வட்ஸ்அப்பில் கழுத்தின் படம் வரும். "ராத்தா, இது பெருசாகி இரிக்கா?" நான், "இல்லடி, அப்படியேதான் இரிக்கி" என்பேன். எந்த வீட்டிலும் சொல்கிற பதில்தான். அந்தப் பதிலோடு அவளுடைய நெஞ்சு படபடப்பு இறங்கிவிடும். அரை மணித்தியாலத்தில் வேறு வெளிச்சத்தில் எடுத்த இன்னொரு படம் வரும்.

ஸ்கேனும் எடுத்தாகிவிட்டது. பயப்பட ஒன்றுமில்லை, கிருமிக்கு எதிர்வினையாக வீங்கிய கணு என்று ரிப்போர்ட். அந்த நிம்மதி ஒன்பது நாள் நின்றது. பத்தாம் நாள், 'ஸ்கேனில் தவறுமா' என்று தேடினாள். இரண்டாவது டொக்டர் சொன்னது மூன்று நாள் தாங்கியது. என்னுடைய "இல்லடி" பத்து நிமிடம். சாட்சி கூடக்கூட நிம்மதியின் ஆயுள் குறைந்துகொண்டே போனதை அவளுடைய மாப்பிள்ளைதான் முதலில் கவனித்தார்.

எங்கள் பக்கத்து ஆதார வைத்தியசாலையின் உளநலக் கிளினிக்கில் இதை விளங்கப்படுத்தினார்கள். பயம் ஏறும்போது ஒருவரிடம் கேட்டு அது சட்டென்று இறங்கினால், மூளை இரண்டு பாடம் படிக்கிறது. ஒன்று, அது உண்மையான ஆபத்துத்தான், கேட்டதால் தப்பினேன். மற்றது, அடுத்த முறையும் கேள். கேட்காமல் இருந்தாலும் பயம் தானாக இறங்கும் என்பதைப் படிக்க அதற்குச் சந்தர்ப்பமே கிடைப்பதில்லை. 1986இல் போல் சல்கோவ்ஸ்கிஸ், ஹிலரி வோர்விக் என்ற இருவர் இதைப் பற்றி எழுதிய கட்டுரையில், இப்படித் திரும்பத் திரும்ப உறுதி கேட்பது, கையைத் திரும்பத் திரும்பக் கழுவுகிறவரின் நிலையைப் போன்றதே என்று சொன்னார்கள். நமக்கு இது புதிதல்ல. வுழூச் செய்துவிட்டு, கை நனைந்ததா என்று மறுபடி மறுபடி பைப்படிக்குப் போகிறவரை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். 'இன்னொரு தடவை கழுவுங்க' என்று அவருக்கு எந்த ஆலிமும் சொல்வதில்லை. உறுதியானது சந்தேகத்தால் நீங்காது, திரும்பச் செய்யாதீர்கள் என்றுதான் சொல்வார். வஸ்வாசுக்குச் சொல்கிற அந்த மருந்தைக் கழுத்துக் கட்டிக்கும் நீட்டலாம் என்பது எனக்கு அதுவரை தோன்றவில்லை.

முதல் கிழமை எதையும் நிறுத்தச் சொல்லவில்லை. எண்ணச் சொன்னார்கள், அவ்வளவுதான். என்னிடமிருந்த ஒரு சீஆர் கொப்பியில் மூன்று நிரல் போட்டுக் கொடுத்தேன். தொட்டது, தேடியது, கேட்டது. ஒரு நாளில் தொட்டது 38, தேடியது 11, கேட்டது 9. கொப்பியைப் பார்த்து அவளே திகைத்துப்போனாள்.

அடுத்தது தள்ளிப்போடுவது. தேட வேண்டும் போல இருந்தால் நேரத்தை எழுதிவிட்டு 15 நிமிடம் பொறுப்பது. பிறகும் வேண்டுமென்றால் தேடலாம். அந்த 15 நிமிடத்தில் பயம் எத்தனைக்கு ஏறுகிறது என்று பத்துக்குப் புள்ளி போடுவாள். எட்டு, ஒன்பது, ஏழு, நாலு. நாலில் நிற்கும்போது தேடத் தோன்றாத நாட்களும் வந்தன. பிறகு அரை மணித்தியாலம், பிறகு மறுநாள் காலை என்று நீட்டினோம். கட்டியைத் தொடுவது இரண்டு கிழமைக்கு ஒரு தடவை, டொக்டர் சொன்ன அடையாளங்களுக்காக மட்டும்.

கஷ்டமானது எங்கள் பங்கு. அவள் நன்றாக இருக்கும் ஒரு நேரத்தில், அவளோடு உட்கார்ந்தே ஒரு வசனத்தை முடிவு செய்தோம். "இது பயம் கேக்கிற கேள்வி, நான் பதில் சொல்ல மாட்டன். வா, தேத்தண்ணி குடிப்பம்." அவளுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது வெறும் கல்நெஞ்சு. முதல் நாலைந்து நாள் நிலைமை மோசமாகத்தான் ஆனது. ஒரு நாள் அழுதுகொண்டே, "ஒரே ஒரு தரம் சொல்லுங்க ராத்தா" என்றாள். பக்கத்தில் இருந்தேன், கையைப் பிடித்துக்கொண்டேன், அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லவில்லை. அதைவிட லேசான வேலை ஒன்பதாம் வகுப்புக்கு அல்ஜிப்ரா படிப்பிப்பது.

கேள்வி வேறு வேஷத்திலும் வரும். "இண்டைக்கிக் கொஞ்சம் நோவுது" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். முகம் மாறாவிட்டால் அதுவே அவளுக்குப் பதில். போனில் தேடுவது குறைந்த கிழமையில் நிறுவைத் தராசில் ஏறுவது கூடியது. மெலிகிறேனா என்று பார்க்கத்தான். அதற்கும் கொப்பியில் ஒரு நிரல் போட்டோம்.

டொக்டரிடமே போகக்கூடாது என்பதல்ல இது. ஒரே டொக்டர், குறித்த திகதி. அந்த அடையாளங்களில் ஒன்று வந்தால் திகதி பார்க்காமல் போவது. ஆறாம் கிழமை போனாள், அளவு கூடவில்லை. நெஞ்சை அமுக்கும் வலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கம் கைகால் விழுவது போன்றவற்றுக்குக் கொப்பியும் இல்லை, 15 நிமிடமும் இல்லை. 1990க்கு அழைத்து அம்புலன்சை வரவழைக்க வேண்டும். பயத்தால் தூக்கமும் சாப்பாடும் கெட்டுப்போயிருந்தால் உளநலக் கிளினிக்கில் மருந்தும் கொடுப்பார்கள், சிலருக்கு அது தேவை. எங்கே போவதென்று தெரியாதவர்கள் 1926க்கு எடுத்தால் தேசிய மனநல நிறுவகத்தில் பேசலாம்.

இப்போது எட்டு மாதம். கட்டி இன்னும் கையில் படுகிறதாம், கொஞ்சம் சிறுத்து. போன கிழமை மகனுக்குத் தடிமன் வந்தபோது போனை எடுத்திருக்கிறாள், நேரத்தைக் குறித்திருக்கிறாள், பிறகு மல்லித்தண்ணி அவிக்கப் போய்விட்டாள். கொப்பியில் அந்த வரிக்குப் பக்கத்தில் புள்ளி போடவில்லை. கேட்டதற்கு, மறந்துபோனேன் என்றாள்.